ராஜ்மா தனி, குழம்பு தனி: கிரேவி ஒட்டாமல் போவது எதனால்?

சோற்றின் மேல் ராஜ்மாவை ஊற்றியதும் குழம்பு நீராக ஓடித் தட்டின் ஓரத்தில் தேங்குகிறது. பயறு மட்டும் கழுவி வைத்ததுபோல் சோற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பலர் இதைக் கடைசி நேரக் குறையாக நினைத்துச் சோள மாவையோ கிரீமையோ தேடுகிறார்கள். குறை அதற்கு ஒரு மணி நேரம் முன்பே, குக்கரை மூடும்போதே, தொடங்கிவிட்டது.

என் தங்கை சென்ற மாதம் அப்படித்தான் அழைத்தாள். “அக்கா, சோள மாவு கரைத்து ஊற்றியும் பயறோடு சேரவில்லை. மேலே பசை மாதிரி பளபளக்கிறது, அவ்வளவுதான்” என்றாள். என்ன செய்தாய் என்று ஒவ்வொரு படியாகக் கேட்டேன். ஒரு கப் ராஜ்மாவை இரவு முழுவதும் ஊறவைத்திருக்கிறாள்; அதில் குறையில்லை. காலையில் அதனுடன் இரண்டு தக்காளியையும் நறுக்கிப் போட்டு ஆறு விசில் விட்டிருக்கிறாள். வெந்த நீர் கலங்கலாக இருந்ததால் வடித்துக் கொட்டிவிட்டாள். வெங்காய மசாலாவை ஐந்து நிமிடம் வதக்கி, பயறைச் சேர்த்து, புதிதாக நீர் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட்டாள். இந்த நான்கு வரிகளுக்குள் ராஜ்மாவைக் கெடுக்கும் முக்கியமான தவறுகள் எல்லாமே இருக்கின்றன.

முதலில் தக்காளி. பயறின் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வெந்நீரில் அது கரைந்தால்தான் பயறு குழையும். புளிப்பு இருக்கும் இடத்தில் பெக்டின் எளிதில் கரையாது. அதனால் தக்காளி, புளி, எலுமிச்சை, ஆம்சூர் எதுவானாலும், பயறு முழுதாக வேகும் முன்பு சேர்த்தால் அது விறைத்தபடியே நின்றுவிடும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் வெளித்தோல் வெடிக்குமே தவிர, உள்ளே வெண்ணெய்போல் ஆகாது. உப்பின் மேல் பலர் இந்தப் பழியைப் போடுகிறார்கள், அது தவறு. உப்பு பயறை விறைக்கச் செய்வதில்லை. ஊறவைக்கும் நீரிலேயே ஒரு தேக்கரண்டி உப்பு கலந்தால் தோல் இன்னும் மென்மையாகத்தான் வேகும்.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் போன்ற கடின நீரிலும் பயறு இப்படியே விறைக்கும். அந்த நீரிலுள்ள கால்சியம் பெக்டினை இறுக்கிவிடும். சமையலுக்கு நீங்கள் நம்பும் குடிநீரையே வேகவைக்கவும் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் டப்பாவில் கிடந்த பயறும் குழையாது. அதற்கு வைத்தியம் கிடையாது. புதியதாக வாங்குவதுதான் வழி.

வெந்துவிட்டதா என்பதை விசில் எண்ணிக்கை சொல்லாது. குக்கருக்குக் குக்கர், அடுப்புக்கு அடுப்பு அது மாறும். ஐந்து பயறுகளை எடுத்து ஒவ்வொன்றாக விரல்களுக்கு இடையில் நசுக்கிப் பாருங்கள். ஐந்தும் மாவாக நசுங்க வேண்டும். ஒன்றில் நடுவே வெள்ளையாக, சுண்ணாம்புபோல் ஒரு புள்ளி தெரிந்தாலும் மூடியைத் திரும்பப் போட வேண்டியதுதான். இது சுவைக்காக மட்டும் சொல்வதல்ல. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. சரியாக வேகாத பயறைத் தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்கு கொதிக்க வைத்தால் அந்த நச்சு அழிந்துவிடும். குக்கரின் வெப்பம் அதற்குத் தாராளமாகப் போதும். கொதிநிலையைத் தொடாமல் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் மட்டும் ராஜ்மாவை நேராகப் போடாதீர்கள்.

இப்போது என் தங்கை கொட்டிய அந்தக் கலங்கல் நீருக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான். ஊறிய நீர் வேறு, வெந்த நீர் வேறு. முன்னதைக் கொட்ட வேண்டும். பின்னதில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. பயறு வேகும்போது அதன் மாவுச்சத்தும் கரைந்த பெக்டினும் அந்த நீரில்தான் இறங்குகின்றன. விரலில் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். குழம்பு பயறைப் பற்றிக்கொள்ளச் செய்யும் பிசின் அதுவே. அதைக் கொட்டிவிட்டுப் பச்சை நீரை ஊற்றினால், பிறகு எந்த மாவைச் சேர்த்தாலும் கெட்டியான ஒரு நீருக்குள் பயறு மிதக்கும், அவ்வளவுதான். சோள மாவு நீரைக் கெட்டியாக்குமே ஒழிய, பயறையும் மசாலாவையும் ஒன்றாக்காது. ஆறியதும் அது களிபோல் உறைந்தும் விடும்.

வெந்த நீரைக் காப்பாற்றுவது போலவே அதன் அளவும் முக்கியம். ஒரு கப் காய்ந்த ராஜ்மா, அதாவது சுமார் 200 கிராம், எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறினால் இரண்டரை கப் அளவுக்கு வரும். அதற்கு மூன்று கப் நீர் போதும். பயறுக்கு மேல் ஒரு விரற்கடை நின்றால் சரி. பயத்தில் ஐந்து ஆறு கப் ஊற்றினால் பிசின் நீர்த்துப்போகும், பிறகு அதை வற்றவைக்கும் போராட்டத்தில் பயறு உடைந்து தோல் தனியாக மிதக்கும்.

அடுத்த வாரம் தங்கை வீட்டில், அதே பையில் மிச்சமிருந்த பயறில், மறுபடி செய்தோம். ஊறிய நீரைக் கொட்டி, கழுவி, மூன்று கப் புது நீர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு பிரியாணி இலை, ஒரு பெரிய ஏலக்காய் சேர்த்து அடுப்பில் வைத்தோம். மூடாமல் கொதிக்கவிட்டு நுரையை எடுத்தோம். பிறகு மூடி, முதல் விசில் வந்ததும் தணலைச் சிறிதாக்கி 25 நிமிடம் வைத்தோம். ஆவி தானாக அடங்கும் வரை திறக்கவில்லை; அவசரமாக ஆவியை வெளியேற்றினால் உள்ளே நீர் சட்டென்று கொப்புளித்துப் பயறின் தோல் கிழியும். திறந்தபோது ஐந்தும் நசுங்கின. நீர் சுமார் இரண்டு கப், செம்மண் நிறத்தில், லேசான வழவழப்புடன் இருந்தது.

குக்கர் அடுப்பில் இருந்த நேரமெல்லாம் மசாலாவுக்கு. பொறுமை கேட்கும் இடம் இதுதான். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் சீரகம் பொரிந்ததும், பொடியாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயத்தை மிதமான தீயில் வதக்கினோம். கண்ணாடிபோல் ஆனதும் பலர் நிறுத்திவிடுவார்கள். அப்போது வெங்காயத்திற்குள் இன்னும் நீர் இருக்கிறது. பிறகு அது குழம்பில்தான் கசியும். ஓரங்கள் மட்டுமல்ல, முழுவதும் பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பாக வர எங்களுக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. பச்சை வெங்காயத்தை அரைத்து ஊற்றும் குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரைத்த விழுது நீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது, கசப்பும் தங்கிவிடும்.

இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, பச்சை வாசனை போகும் வரை. மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் போடும்போது குக்கரிலிருந்து இரண்டு கரண்டி வெந்த நீரைத் தெளித்தோம். அப்போதுதான் பொடி கருகாமல் எண்ணெயில் நிறம் விடும். பிறகு மூன்று தக்காளியின் விழுது. ஊற்றியதும் தெறிக்கும், சளசளவென்று சத்தம் வரும். நீர் வற்ற வற்ற அந்தச் சத்தம் தாழ்ந்து, பொரியும் ஓசையாக மாறும். ஓரங்களில் எண்ணெய் தலைகாட்டும். கரண்டியால் நடுவே இழுத்தால் வாணலியின் அடி தெரிந்து, அந்தத் தடம் சில நொடிகள் மூடாமல் நிற்கும். தக்காளி மட்டும் இதற்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. எண்ணெய் பிரிவதைச் சமையல் குறிப்புகள் அலங்காரத்துக்காகச் சொல்வதில்லை. விழுதிலிருந்த நீர் போய்விட்டதற்கு அதுவே சாட்சி. நீர் போன விழுதுதான் பயறின் தோலில் ஒட்டும். எண்ணெயை ஒரு கரண்டியாகக் குறைத்துவிட்டால் இந்த அறிகுறி தெரியாமலே மசாலா அடிபிடிக்கும்.

இனிச் சேர்க்கை. வெந்த பயறில் அரை கப்பை எடுத்து மத்தால் மசித்து மசாலாவில் கலந்தோம். மீதிப் பயறும் வெந்த நீரும் சூடாகவே உள்ளே போயின. தீ மிகச் சிறிதாக, மூடி இல்லாமல் 20 நிமிடம். ஒரு கொதியில் இறக்கினால் மசாலா வெளியேயும் பயறு உள்ளேயுமாகத்தான் இருக்கும். இந்த இருபது நிமிடத்தில்தான் உப்பும் புளிப்பும் பயறுக்குள் இறங்குகின்றன, மாவு வெளியே வந்து மசாலாவைப் பிடிக்கிறது. இப்போது மாவு அடியில் தங்கும் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியைச் சுரண்டிக் கிளற வேண்டும்.

இறக்கும் பதத்தைக் கரண்டி காட்டும். குழம்பில் முக்கிய கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு போட்டால், அது சேராமல் நிற்க வேண்டும். தட்டில் வேண்டிய கெட்டிக்குச் சற்று முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் மாவுச்சத்து ஆற ஆற இறுகும். கரம் மசாலாவும் கசக்கிய கசூரி மேத்தியும் போட்டு மூடி அரை மணி நேரம் விட்டோம். தங்கை சோற்றில் ஊற்றியபோது குழம்பு ஓடவில்லை; ஒவ்வொரு பயறும் மசாலாவைப் போர்த்திக்கொண்டு நின்றது.

சோலேவுக்கும் வழி இதுவே, இரண்டு மாற்றங்களுடன். வெள்ளைக் கொண்டைக்கடலையின் தோலும் உள்ளும் ராஜ்மாவைவிடப் பிடிவாதமானவை. வேகவைக்கும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம். காரத்தன்மை பெக்டினை விரைவில் கரைக்கும். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை அடித்து, தோல் கழன்று, குழம்பு கூழாகும். சோலேவின் அடையாளமான புளிப்பைத் தரும் ஆம்சூரும் காய்ந்த மாதுளை விதைப் பொடியும் கடலை முழுதாகக் குழைந்த பிறகே சேர வேண்டும்.

மறுநாள் எடுத்தால் இரண்டுமே கட்டியாக இறுகியிருக்கும். குளிர்ந்த நீரை ஊற்றிக் கலக்கினால் குழம்பு திட்டுத் திட்டாக நிற்கும். கால் கப் வெந்நீரைச் சேர்த்து, சிறு தீயில் கிளறினால் பழைய பதம் திரும்பும். உப்பு மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.