குரோம் டேப்பை டிவிக்கு காஸ்ட் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் லேப்டாப்பிலிருந்து டிவிக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தது, விட்டு விட்டு ஓடியது. "நெட் பிளானை மாத்தணும் போல" என்றார். மூன்று வருடம் முன்பு நானும் இதையேதான் நினைத்தேன்.

## டேப்பையே அனுப்புவது

அப்போது பிளானை இரண்டு மடங்காக்கினேன், புது ரவுட்டரும் வாங்கினேன். படம் கொஞ்சமும் மாறவில்லை. அந்தப் பணம் இன்றும் உறுத்துகிறது.

குரோம் மெனுவில் Cast போய், Sources-ல் Cast tab கொடுத்தால், டிவிக்குப் போவது வீடியோ அல்ல, அந்த டேப்பின் படம். லேப்டாப் வீடியோவை விரித்து, டேப்பில் காட்டி, அதை அந்த நொடியிலேயே மறுபடி சுருக்கி வைஃபையில் அனுப்புகிறது. இரண்டாவது முறை சுருக்கும்போதுதான் தெளிவு போகிறது. பழைய லேப்டாப் என்றால் விசிறி இரையும், படம் திக்கும். லேப்டாப்புக்கும் டிவிக்கும் நடுவே நடக்கும் இந்த வேலைக்கும் நெட் பிளானுக்கும் சம்பந்தமே இல்லை.

வீடியோ பிளேயருக்குள்ளேயே, செவ்வகத்தின் மூலையில் வைஃபை அலை போட்ட ஐகான் இருந்தால் அதை அழுத்துங்கள். அப்போது டிவிக்கு முகவரி மட்டும் போகும், வீடியோவை டிவியே நேராக நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். லேப்டாப் வெறும் ரிமோட்தான்.

எது நடக்கிறது என்று பார்க்க லேப்டாப்பை மூடுங்கள். அது தூங்கியதும் படம் நின்றால் டேப் காஸ்ட். தொடர்ந்து ஓடினால் நேரடி காஸ்ட். தெரிந்தவர் வீட்டில் மூடினேன், உடனே நின்றது. பிளேயர் ஐகானிலிருந்து போட்டேன், அதே நெட்டில் சுத்தமாக ஓடியது.

ஐகானே இல்லாத தளம் என்றால் எச்டிஎம்ஐ கேபிள் போதும். அப்புறமும் சத்தம் லேப்டாப்பிலேயே வந்தால், விண்டோஸில் ஒலி வெளியீட்டை டிவிக்கு மாற்ற வேண்டும்.

## சத்தம் வராத கோப்பை டேப்பில் திறப்பது

டவுன்லோடு செய்த படத்தை குரோமில் இழுத்துப் போட்டால் சில சமயம் படம் ஓடும், சத்தம் இருக்காது. காஸ்ட் மேல் சந்தேகப்படும் முன், காஸ்ட்டை நிறுத்திவிட்டு லேப்டாப்பிலேயே ஓட்டிப் பாருங்கள். அங்கும் சத்தம் இல்லையென்றால், பெரும்பாலும் அந்தக் கோப்பின் ஒலி டால்பி ஏசி-3 வகையாக இருக்கும். கணினி குரோம் அதைப் படிக்காது. விஎல்சியில் திறந்து Playback மெனுவில் Renderer போய் டிவியைத் தேர்ந்தெடுங்கள், சத்தத்தோடு வரும்.

## முழுத் திரையை அனுப்பும்போது

சத்தமும் டிவிக்குப் போக Also share system audio பெட்டியை டிக் செய்யுங்கள்.

## படம் கறுப்பாகத் தெரிந்தால்

காப்புரிமைப் பூட்டு. அந்தச் சேவையின் ஆப்பை டிவியிலேயே திறங்கள்.