கூர்முனை நட்சத்திரம் எங்கே கெடுகிறது? தாள் வைத்துத் தைக்கும் குயில்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணித் துண்டுகளை இணைத்து உருவாக்கும் குயில்ட்டில், தாளில் அச்சிட்ட கோடுகளின் மேலேயே துணியைத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுப்பது ஒரு முறை. அப்படித் தைக்கும் 6 அங்குல நான்முனை நட்சத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கதிரும் நீளவாக்கில் பாதி கருநீலம், பாதி வெளிர்நீலம். மொத்தம் எட்டு முக்கோணத் தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பின்னணித் துண்டும் ஓர் அரைக்கதிரும் மட்டுமே. நான்கு தாள்கள் மற்ற நான்கின் கண்ணாடிப் பிம்பங்கள். குழப்பம் பிறப்பது இங்கேதான்.

துணி இருப்பது தாளின் அச்சில்லாத பக்கத்தில். தைப்பதோ அச்சுக் கோட்டின் மேல். ஆகவே தைத்து முடித்த துண்டு, அச்சிட்ட படத்துக்கு இடவலம் மாறியே வரும். அச்சுப் பக்கத்தைப் பார்த்தே எட்டுக்கும் நிறம் ஒதுக்கினால், நட்சத்திரம் ஒழுங்காகவே சேரும். கருநீலம் தரும் நிழல் மட்டும் எதிர்ப்பக்கம் விழும். பக்கத்தில் வேறு பிளாக்குகள், அதாவது குயில்ட்டின் மற்ற கட்டங்கள், வரும்போதுதான் அது கண்ணை உறுத்தும். சில தாள்களுக்கு முன்பக்கமும் சிலவற்றுக்குப் பின்பக்கமும் பார்த்து ஒதுக்கிவிட்டால் இன்னும் மோசம்: கருநீலமும் கருநீலமும் ஒட்டி, கதிரின் நடுக்கோடே மறைந்துவிடும். துணியை வெட்டும் முன்பே தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கோடு பின்பக்கம் தெரிய, ஒவ்வொரு துண்டின் நிறத்தையும் அங்கே பென்சிலால் எழுதிவிடுங்கள். எட்டையும் எழுத்து மேலே தெரிய நட்சத்திரமாக அடுக்கிப் பார்த்துவிட்டால் சந்தேகமே இருக்காது.

வரிசையும் முக்கியம். பின்னணித் துண்டை முதலில் வைத்து, கதிரை இரண்டாவதாகத் தையுங்கள். தையல் ஓரம் எப்போதும் இரண்டாவது துண்டின் அடியில் போய்ப் படியும். கதிரை முதலில் வைத்தால், கருநீல ஓரம் வெளிர் பின்னணிக்கு அடியில் நிழலாகத் தெரியும்.

தைத்ததும் கத்தரியைத் தேடாதீர்கள். முதலில் துணியைப் புரட்டி, கதிரின் இடம் முழுவதையும் அதைச் சுற்றிய கால் அங்குலத்தையும் அது மூடுகிறதா என்று பாருங்கள். ஒல்லியான துண்டு சாய்ந்து திரும்புவதால் முனையில்தான் பெரும்பாலும் போதாமல் போகும். சரியென்றால், தாளைத் தைத்த கோட்டிலேயே பின்னால் மடித்துவிட்டு, தையலிலிருந்து கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். தாளை மடிக்காமல் வெட்டினால் அதுவும் சேர்ந்து அறுபடும். 1.5 மி.மீ. தையல் போட்டிருந்தால் பிற்பாடு தாள் எளிதாகக் கிழியும். ஆனால் தையலைப் பிரிப்பது கடினம். ஆகவே தைக்கும் முன்பே துணியைக் கோட்டின் மேல் குண்டூசியால் பொருத்திப் புரட்டிப் பார்த்துவிடுவது மேல்.

கடைசி வெட்டு இன்னும் கவனமாக இருக்கட்டும். கதிரின் கூர்முனை, முக்கோணத்தின் எல்லையாக அச்சிட்ட முழுக்கோடுகள் சந்திக்கும் மூலையிலேயே இருக்கிறது. முழுக்கோட்டிலேயே வெட்டிவிட்டால், அடுத்த பிளாக்கோடு சேர்க்கும் தையல் அந்த முனையை விழுங்கிவிடும். ஸ்கேலின் கால் அங்குலக் கோட்டை முழுக்கோட்டின் மேல் வைத்து, வெளியே வெட்டுங்கள். அரைக்கதிர்களை இணைக்கும்போது, ஒரு தாளின் மூலையில் குத்திய குண்டூசி அடுத்த தாளின் அதே மூலையில் வெளிவர வேண்டும். சரிந்து வெளிவந்தால், எடுத்து மறுபடி குத்துங்கள். சுற்றிலும் பிளாக்குகள் சேரும் வரை தாளைக் கிழிக்க வேண்டாம். சாய்வாக வெட்டிய ஓரம் இழுபடாமல் பிடித்திருப்பது அதுதான்.