பென்ஷன் ரூபாயில, செலவு சிங்கப்பூர் டாலர்ல: ரிட்டயர்மென்ட் பணத்தை வெளிநாட்டுல வைக்கிறப்ப பண்ணுற தவறுகள்

கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருக்கு, ரிட்டயர் ஆனதும் வருஷத்துல நாலு மாசம் அங்க போய் இருப்போம்னுதான் நிறைய பேர் பிளான் வச்சிருக்காங்க. ஆனா சேமிப்பு முழுக்க ரூபாய் எஃப்டி, நிலம், நகை. யாராவது சொன்னா "சரி ஒரு பத்து பெர்சென்ட் அமெரிக்க ஃபண்டுல போடுவோம்"னு போட்டுட்டு விட்டுடுறாங்க. அந்த பத்து எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா பதில் இருக்காது. முதல் தவறே இதுதான், எவ்வளவு பெர்சென்ட்ங்கறத உங்க செலவுதான் சொல்லணும்.

கணக்கு போட்டே பாப்போம். சுவாமிமலைல ஒரு ஆசிரியர், வயசு 55, பழைய பென்ஷன் திட்டத்துல இருக்காரு, பொண்ணு சிங்கப்பூர்ல. 60ல ரிட்டயர் ஆகும்போது கையில 90 லட்சம் இருக்கும்னு வைங்க, அதுல 40 லட்சம் இப்பவே எஃப்டில இருக்கு. பென்ஷன் மாசம் 45,000, ஊர் செலவு மாசம் 50,000, குறையுற 5,000 நிலத்தோட குத்தகைல வந்துடும். சிங்கப்பூர்ல நாலு மாசத்துக்கு அவங்க கைக்காசு 6,000 சிங்கப்பூர் டாலர்.

ஒரு டாலர் 70 ரூபாய்னு வச்சா அது 4.2 லட்சம், ஊர் செலவு வருஷத்துக்கு 6 லட்சம். மொத்தம் 10.2 லட்சத்துல 4.2, அதனால நாற்பது பெர்சென்ட் வெளிநாட்டுல இருந்தா போதும்னு தோணும். இது ரெண்டாவது தவறு, படிச்சவங்களும் இதுல மாட்டுறாங்க. பென்ஷனும் குத்தகையும் ரூபாய்ல வர்ற வருமானம், அது ஊர் செலவை முழுசா பாத்துக்குது, அப்ப அந்த 90 லட்சத்துலேருந்து வருஷாவருஷம் எடுக்கப்போற காசு பூராவுமே சிங்கப்பூர் செலவுக்குத்தான். அதனால வெளிநாட்டு செலவு மொத்த செலவுல எத்தனை பெர்சென்ட்னு பாக்காதீங்க, பென்ஷன் போக மிச்சம் எடுக்குற காசுல எத்தனை பெர்சென்ட்னு பாருங்க.

அப்படின்னா 90 லட்சத்தையும் அனுப்பிடலாமான்னா, அதுவும் கூடாது. 60லேருந்து 75 வரைக்கும்தான் போவோம்னு வச்சா 15 வருஷம், வருஷத்துக்கு 6,000 வீதம் 90,000 டாலர், அதே 70 ரூபாய் ரேட்ல 63 லட்சம். (முதலீடு வளர்றது அந்த ஊர் விலைவாசிக்கு சரியாப் போகும்னு வச்சுதான் வெறுமனே பெருக்குறேன், இது ஜாக்கிரதையான கணக்கு.) அந்த 6,000லயும் எது கட்டாயம், எது குறைக்கலாம்னு பிரிக்கணும். இன்சூரன்ஸ், மருந்து, சாப்பாட்டுல நம்ம பங்கு, பஸ் ரயில் இதெல்லாம் 4,000 ஆகுது, பேரப்பிள்ளைக்கு வாங்குறது, சுத்திப் பாக்குறது 2,000. டாலர் ஏறிப்போன வருஷம் அந்த 2,000த்தைக் குறைச்சுக்கலாம், அதனால அதுக்கு டாலர் சொத்து சேத்து வைக்கணும்னு கட்டாயம் இல்ல. கட்டாயச் செலவு 60,000 டாலர், அதாவது 42 லட்சம். ஆக இவருக்கு வேண்டியது 42லேருந்து 63 லட்சத்துக்குள்ள, நான்னா கீழ் எல்லையை ஒட்டி 45 லட்சம், பாதியை வைப்பேன். மிச்சம் பாதி ரூபாய்லயே இருக்கட்டும், 75க்கு அப்புறம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி பில்லு ரூபாய்லதான் வரும்.

"ரூபாய் எப்பவும் விழுந்துகிட்டேதான் இருக்கும், டாலர்ல போட்டா லாபம்"னு நினைச்சுப் போடுறது இன்னொரு தவறு. 2000ல 45 ரூபாய் பக்கம் இருந்த அமெரிக்க டாலர் 2025 கடைசில 90 ஆச்சு, வருஷத்துக்கு மூணு பெர்சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. ரூபாய் எஃப்டில வட்டி அதிகம்ங்கறதால அந்த சரிவுல பெரும்பகுதி ஈடாயிடுது, வரி கட்டுறவங்களுக்கு ஈடு கொஞ்சம் குறையும். நடுவுல 2002லேருந்து 2008 ஆரம்பம் வரைக்கும் 49லேருந்து 39க்கு டாலர்தான் இறங்குச்சு, லாபத்துக்காகப் போட்டவங்க அந்த ஆறு வருஷம் தாங்கியிருக்க மாட்டாங்க. நாம பயப்பட வேண்டியது மெதுவா நடக்குற சரிவுக்கு இல்ல, 2013 மாதிரி வருஷத்துக்கு. அந்த மே மாசம் 54ல இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசில 68ஐத் தாண்டிடுச்சு, சிங்கப்பூர் டாலரும் கூடவே ஏறுச்சு. அந்த மாதிரி மாசத்துல நீங்க சிங்கப்பூர் ஆஸ்பத்திரில படுத்திருந்தா (விசிட் பாஸ்ல போறவங்களுக்கு அங்க சப்சிடி கிடையாது) எஃப்டியை உடைச்சு அந்த ரேட்ல அனுப்பணும். டாலர் சொத்து காப்பாத்துறது அங்கதான்.

எது வெளிநாட்டு சொத்துங்கறதுலயும் குழப்பம் இருக்கு. ரூபாய் குடுத்து வாங்கினாலும் உலக பங்குகள்ல போடுற மியூச்சுவல் ஃபண்டு வெளிநாட்டு சொத்துதான், டாலர்ல விலை போட்டிருந்தாலும் இந்தியப் பங்குகளை வச்சிருக்குற ஃபண்டு ரூபாய் சொத்துதான். காவேரிக்கரை நிலம் எத்தனை கோடி போனாலும் ரூபாய் சொத்து, அவசரத்துக்கு விக்கவும் முடியாது. தங்கம் விலை டாலரோட சேந்துதான் ஏறும், ஆனா கழுத்துல கிடக்குறத வித்து யாரும் சிங்கப்பூர் செலவு பண்ணப் போறதில்ல, அதனால அதைக் கணக்குல சேக்காதீங்க. அமெரிக்க டெக் பங்கு மட்டும் வாங்கினா போதும்னும் நினைக்க வேணாம், சிங்கப்பூர் டாலரை அவங்க மத்திய வங்கி பல நாட்டு கரன்சிகளைச் சேத்த ஒரு கூடைக்கு எதிராதான் நிர்வகிக்குது, அதனால உலகம் முழுக்கப் பரவின ஃபண்டு இன்னும் நல்லாப் பொருந்தும். பிள்ளை துபாய்ல இருந்தா கதை வேற, திர்ஹாம் 1997லேருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725னு கட்டிப் போட்டது, அங்க அமெரிக்க டாலர் சொத்தே நேராப் பொருந்தும்.

அந்த 45 லட்சத்தையும் பங்குல போடுறதும் தப்பு. பங்கு பாதியா விழுந்த வருஷமும் இன்சூரன்ஸ் கட்டணும்ல. முதல் அஞ்சு வருஷத்துக்கான கட்டாயச் செலவு 20,000 டாலர், 14 லட்சம், அதை ரிட்டயர் ஆகுற நேரத்துக்குள்ள சிங்கப்பூர் டாலர் டெபாசிட் இல்ல குறுகிய கால பாண்டுக்கு மாத்திடுங்க, மிச்சம் 31 லட்சம் பங்குல நிக்கலாம்.

அனுப்புறதுலயும் கடைசி வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க. முதலீட்டுக்காக ஒருத்தர் ஒரு நிதியாண்டுல 10 லட்சத்துக்கு மேல அனுப்பினா மேல உள்ளதுக்கு 20 பெர்சென்ட் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிப்பாங்க, ரிட்டர்ன்ல திரும்ப வாங்கலாம்னாலும் அதுவரைக்கும் காசு மாட்டிக்கும். நம்ம ஆசிரியர் இப்பலேருந்து வருஷம் 8 லட்சம் அனுப்பினா அஞ்சு வருஷத்துல 40 லட்சம் ஆயிடும், டிசிஎஸ்ஸும் இல்ல, ஒரே ரேட்ல மாட்டிக்கிற பயமும் இல்ல, மிச்ச 5 லட்சம் ரிட்டயர்மென்ட் காசுலேருந்து. நம்ம பங்குச் சந்தைலயே லிஸ்ட் ஆன வெளிநாட்டு ஈடிஎஃப் ஃபண்டு வாங்குறவங்க வாங்குற அன்னிக்கு ஐநாவ், அதாவது அந்த நேரத்து உண்மை மதிப்பு எவ்வளவுன்னு பாருங்க, ஃபண்டுகள் வெளிநாட்டுல போடுறதுக்கு மொத்தமா 700 கோடி டாலர்னு உச்சவரம்பு இருக்கறதால சில சமயம் உண்மை மதிப்பை விட ரொம்ப மேல விக்குது. வெளிநாட்டு கணக்கு உங்க பேர்ல இருந்தா ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-2ல வெளிநாட்டு சொத்தைக் காட்டுற ஷெட்யூல் எஃப்ஏ நிரப்பணும், விட்டா கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் அபராதம் போட இடம் இருக்கு.

வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கணக்கை டாலர்லயே திரும்பப் போடுங்க. 65 வயசுல நின்னு பாத்தா கட்டாயச் செலவு இன்னும் பத்து வருஷம்தான், விலைவாசி ஏத்தத்தையும் சேத்து எவ்வளவு வேணுமோ அதுக்கு மேல நிக்குறத ஊருக்குக் கொண்டு வரலாம். பொண்ணு குடும்பத்தோட சென்னைக்கே வந்துட்டா, அந்த டாலர் சொத்து இருந்த காரணமே போயிடுச்சு, ரெண்டு மூணு வருஷத்துல பிரிச்சுப் பிரிச்சு ரூபாய்க்கு மாத்திக்குங்க.