மட்டும், கூட, தான், உம்: டைப் பண்ணும்போது குரல் காணாம போற இடங்கள்

"நீலச் சேலை மட்டும் அயர்னுக்கு குடு"ன்னு வீட்ல யாராவது மெசேஜ் போட்டிருந்தா நீங்க எதை எடுத்துட்டு போவீங்க? நேர்ல சொல்லியிருந்தா குழப்பமே இருந்திருக்காது. "நீல"ல குரல் ஏறினா மத்த கலர் சேலையெல்லாம் அலமாரிலயே இருக்கட்டும்னு அர்த்தம், "சேலை"ல ஏறினா அதே நீல செட்ல இருக்குற ஜாக்கெட்டை விட்டுட்டு சேலைய மட்டும் குடுன்னு அர்த்தம். "மட்டும்" ரெண்டுலயும் ஒரே இடத்துலதான் ஒட்டிருக்கு, வித்தியாசம் முழுக்க குரல்ல இருக்கு, டைப் பண்ணும்போது அந்தக் குரல் போயிடுது. நாம எழுதுறப்ப பண்ற தப்புல பாதி இதுதான், மனசுக்குள்ள அழுத்தத்தோட படிச்சுப் பாத்துட்டு அனுப்பிடுறோம், படிக்கிறவருக்கு அந்த அழுத்தம் போய்ச் சேராது.

இது ஏன்னு கொஞ்சம் பாப்போம். ஒரு வார்த்தைய அழுத்திச் சொன்னா கேக்குறவர் மனசுல அந்த வார்த்தைக்குப் போட்டியா ஒரு லிஸ்ட் வந்துடுது. நீலம்னு அழுத்தினா சிவப்பு, பச்சை, மஞ்சள். சேலைன்னு அழுத்தினா ஜாக்கெட், பாவாடை. "மட்டும்" வந்து அந்த லிஸ்ட்ல மத்ததெல்லாம் வேண்டாம்னு வெட்டுது, "உம்" அந்த லிஸ்ட்ல இன்னொண்ணும் ஏற்கனவே உண்டுன்னு சொல்லுது, "கூட" வந்தா லிஸ்ட்ல இருக்கறதுலயே யாரும் எதிர்பாக்காத ஆள் இதுதான்னு காட்டுது. இந்த லிஸ்ட் விஷயத்தை 1985ல மேட்ஸ் ரூத்ன்னு ஒருத்தர் மாசசூசெட்ஸ் யூனிவர்சிட்டில குடுத்த தீசிஸ்ல கணக்கா எழுதி வச்சாரு, இன்னிக்கு வரைக்கும் மொழியியல் ஆட்கள் இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா அங்க இருந்துதான் ஆரம்பிப்பாங்க. நமக்கு அதுல வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அனுப்புறதுக்கு முன்னாடி "இது இல்லாட்டி வேற எது?"ன்னு கேட்டுப் பாக்கணும். ரெண்டு வித பதில் வந்தா வாக்கியத்தை மாத்துங்க.

எப்படி மாத்துறது? "நீல"க்குப் பக்கத்துல மட்டும் போட முடியாது, "நீல மட்டும் சேலை"ன்னு யாரும் சொல்ல மாட்டோம். "அக்காவோட மட்டும் வீடு"ன்னும் வராது. நம்ம தமிழ்ல இந்த ஒட்டு ஒரு பேருக்கு முன்னாடி நிக்கிற அடைமொழில ஒட்டாது, முழு பேர்ச்சொல்லுக்குக் கடைசிலதான் வந்து உக்காரும். அதனால அழுத்தம் விழுற வார்த்தைய வெளிய இழுத்துக் கடைசிக்குக் கொண்டு வரணும்: "சேலைல நீலத்த மட்டும் குடு". இன்னொரு அர்த்தத்துக்கு "நீல செட்ல சேலைய மட்டும் குடு". அக்கா கேஸ்ல "வீட்ல அக்காவோடத மட்டும் பெயின்ட் அடிச்சாச்சு". பேசும்போது இவ்வளவு வேலை தேவையில்ல, எழுத்துல தேவை.

அடுத்தது இங்கிலீஷ்ல இருந்து மொழிபெயர்க்கறப்ப நடக்குறது, சப்டைட்டில்ல இது கண்ணை உறுத்தும். இங்கிலீஷ்ல "ஐ ஒன்லி லென்ட் ரவி த பைக்"ன்னு ஒரே வாக்கியம், "ஒன்லி" எப்பவும் போல வினைக்கு முன்னாடி சும்மா நிக்கும், எது மட்டும்ங்கறத குரல்தான் சொல்லும். ரவில அழுத்தினா வேற யாருக்கும் குடுக்கல. பைக்ல அழுத்தினா பைக் தவிர வேற எதுவும் குடுக்கல. லென்ட்ல அழுத்தினா இரவல்தான் குடுத்தேன், வித்துடல. மொழிபெயர்க்கிறவர் ஸ்கிரிப்ட்ட மட்டும் பாத்துட்டு "ஐ ஒன்லி" பக்கத்துல பக்கத்துல இருக்கேன்னு "நான் மட்டும் ரவிக்கு பைக் கொடுத்தேன்"னு போட்டுடுவாரு. இங்கிலீஷ்ல இருந்த மூணு அர்த்தமும் போய், வேற யாரும் குடுக்கல, நான் ஒருத்தன்தான் குடுத்தேன்னு புதுசா நாலாவது ஒண்ணு வந்து நிக்குது. ஏன்னா நம்ம மட்டும் தனக்கு இடது பக்கம் இருக்குற வார்த்தையத்தான் பிடிக்கும். ஆடியோவ கேட்டு, எங்க குரல் ஏறுதுன்னு பாத்து, "ரவிக்கு மட்டும்தான் பைக்க குடுத்தேன்", "ரவிக்கு பைக்க மட்டும்தான் குடுத்தேன்", "ரவிக்கு பைக்க இரவல்தான் குடுத்தேன்" இந்த மூணுல ஒண்ண எடுக்கணும். ஸ்கிரிப்ட்ட வச்சு மட்டும் இதைச் சரியா செய்ய வழியே கிடையாது.

"ஆல்சோ"வுக்கும் இதே கதி. "ஷி ஆல்சோ சிங்ஸ்"ங்கறது ஆடுறவளைப் பத்தி வந்திருந்தா "அவளும் பாடுவா"ன்னு போடறது தப்பு, அது வேற யாரோ பாடுறாங்கன்னு சொல்லுது. இங்க உம்ம வினைல ஒட்டணும், ஆனா "பாடுவா"ல நேரா ஒட்ட முடியாது, "பாடவும் செய்வா"ன்னு செய்-ய துணைக்குக் கூப்பிடணும். இல்லன்னா நாம சாதாரணமா சொல்ற மாதிரி "நல்லா ஆடுவா, பாட்டும் பாடுவா". இதுல ஒரு அழகு இருக்கு பாருங்க, உம் ஒட்டினது பாட்டுல, ஆனா கூட்டுறது "பாட்டு பாடறது"ங்கற முழு வேலையையும். "கரண்ட் போச்சு, மழையும் பேஞ்சுது"ன்னு சொல்றப்ப வேற ஏதோ பேஞ்சுது அதோட மழையும்னு யாரும் நினைக்கிறதில்ல, மழை பேஞ்சதே இன்னொரு சம்பவம்னு எடுத்துக்குறோம். அதனால உம் எங்க ஒட்டிருக்கோ அது மட்டும்தான் கூடுதல்னு கணக்குப் போடாதீங்க, முன் வாக்கியத்தைப் பாருங்க.

இப்ப "கூட". வீட்டு குரூப்ல ரிசல்ட் வந்த அன்னிக்கு "உங்க தம்பி கூட பாஸாயிட்டானாமே"ன்னு ஒரு வாழ்த்து போடுங்க, அதுக்கப்புறம் அந்தப் பக்கம் என்ன அமைதின்னு பாருங்க. போட்டவரு "தம்பியும்"னு நினைச்சிருப்பாரு, படிச்சவங்களுக்கு "அவனே பாஸாயிட்டானா"ன்னு விழுந்திருக்கும். நேர்ல சொன்னா பிரச்சனை இல்ல, குரல் "தம்பி"ல ஏறாம "பாஸ்"ல ஏறும், சந்தோஷமா இருக்கும். "தம்பி"ல ஏத்தி அங்க ஒரு சின்ன இடைவெளி விட்டாத்தான் குத்தல். எழுத்துல ரெண்டும் ஒண்ணு. சந்தேகம் இருந்தா வாழ்த்துல கூட-வ விட்டுட்டு "தம்பியும் பாஸ்"னு போட்டுடுங்க. பழைய இலக்கணத்துல இந்த ரெண்டு வேலையையும் உம் ஒருத்தரே பாத்தாரு, நன்னூல் உம்மைக்குச் சொல்ற எட்டு அர்த்தத்துல "இன்னொண்ணும் உண்டு"ங்கற எச்சமும் இருக்கு, "அவனேயா"ங்கற சிறப்பும் இருக்கு. பேச்சுத் தமிழ்ல சிறப்பு பக்கம் பெரும்பாலும் கூட-வுக்குப் போயிடுச்சு, ஆனா கூட-வும் சும்மா "இன்னொண்ணு"ங்கற அர்த்தத்துக்கு வந்துபோறதால குழப்பம் அப்படியே தொடருது.

இதோட மூணாவது கூட வேற இருக்கு, சேர்ந்துங்கறது. "ரவி கூட வந்தான்"ல ரவியே வந்தான்னும் எடுக்கலாம், ரவியோட வேற யாரோ வந்தான்னும் எடுக்கலாம். நான், நீ மாதிரி வார்த்தைல இந்தப் பிரச்சனை வராது, "நான்கூட போனேன்" வேற "என்கூட போனான்" வேற, வார்த்தையோட உருவமே மாறிடும். மரம்கூட, மரத்துகூட இதுவும் அப்படித்தான். ரவி மாதிரி உருவம் மாறாத பேர்லதான் மாட்டிக்கிறோம், அங்க "ரவியோட வந்தான்"னு போட்டா முடிஞ்சுது. இடம் விட்டு எழுதினா ஒரு அர்த்தம், சேத்து எழுதினா ஒரு அர்த்தம்னு சிலர் சொல்றாங்க, ஆனா ஆன்லைன்ல யாரும் அதைக் கடைப்பிடிக்கிறதில்லங்கறதால அதை நம்பி எழுதாதீங்க.

இல்லன்னு முடியுற வாக்கியத்துல இன்னும் உஷாரா இருக்கணும். "மூணு பேரும் வரல"ன்னா வர வேண்டிய மூணு பேர்ல ஒருத்தரும் வரல. "மூணு பேர்கூட வரல"ன்னா வந்தவங்க மூணுக்கும் கீழ, ஒருத்தரோ ரெண்டு பேரோ வந்திருக்கலாம். "எல்லாரும் வரல" இருக்கே, அது ரொம்ப மோசம், எல்லாரும்ல குரல இழுத்தா சிலர் வந்தாங்க, சமமா சொன்னா ஒருத்தரும் வரல. சாப்பாடு ஆர்டர் பண்றவருக்கு இப்படி மெசேஜ் அனுப்பினா அவரு என்ன பண்ணுவாரு? "யாருமே வரல", "சில பேர் வரல"ன்னு போடுங்க.

கடைசியா தான், மட்டும் ரெண்டையும் நேரத்தோட சேக்குறப்ப. "கடை நாளைக்கு மட்டும் திறந்திருக்கும்"னா அதுக்கப்புறம் மூடிடுவாங்க. "கடை நாளைக்குத்தான் திறக்கும்"னா இன்னிக்கு வராத, நாளைல இருந்து வா. ஒண்ணு முடிவைச் சொல்லுது இன்னொண்ணு தொடக்கத்தைச் சொல்லுது, ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒன்லின்னே வந்துடுறதால போர்டு எழுதுறவங்க மாத்திப் போட்டுடுறாங்க. எதிர்த் திசைலயும் நடக்கும், "நேத்துதான் வந்தேன்"ங்கறத நாம "யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்"னு சொல்லுவோம், நம்மூர்ல எல்லாருக்கும் புரியும், வெளியூர்க்காரருக்கு நேத்து ஒரே ஒரு நாள் மட்டும் வந்துட்டுப் போனேன்னு கேக்கும். தான் செய்யறது வெட்டுறது இல்ல, ஆளைக் கை காட்டுறது. "யார் போன் பண்ணா?"ன்னு கேட்டா "ரவிதான்"னு சொல்றோம், அப்ப வேற யாரும் பண்ணலன்னு சத்தியம் பண்ணல, கேட்ட ஆள் இவன்னு காட்டுறோம், அவ்வளவுதான். தொகைல ஒட்டினா மட்டும் கொஞ்சம் ஒன்லி பக்கம் சாயும், "பத்து ரூபாதான்"னா கம்மின்னு அர்த்தம்.

இலங்கைத் தமிழர் இருக்குற குரூப்ல நேரம் போடறப்ப இன்னொண்ணு கவனிங்க. அங்க மட்டும்ங்கறது வரைக்கும்ங்கற அர்த்தத்துல இன்னும் சாதாரணமா புழங்குது, மட்டுன்னா எல்லைதானே, அதுல உம் சேந்ததுதான் இந்த வார்த்தை. "ஆறு மணி மட்டும் கடை திறந்திருக்கும்"னு யாழ்ப்பாணத்துக்காரர் எழுதினா ஆறு மணி வரைக்கும் வரலாம், நம்மாளு படிச்சா ஆறு மணிக்கு மட்டும் திறப்பாங்களோன்னு முழிப்பாரு. அங்க "ஆறு மணி வரைக்கும்"னு போட்டுட்டா ரெண்டு பக்கத்துக்கும் புரியும்.