பழைய பதிவுகளில் அரை மணித்தியாலம் பிசகுவது ஏன்?

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் கோடில் இலங்கை நேரத்துக்கு `+05:30` என்று நேரடியாக எழுதியிருப்பதைக் கண்டால் எனக்கு இன்னும் மனம் பதைக்கும். அதே பிழையை நானும் விட்டிருக்கிறேன்.

இலங்கை என்றால் எப்போதும் +05:30 என்று நினைப்பது

இன்றைக்கு அது சரி. ஆனால் 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே இருந்தது. நேர வலயத் தரவுத்தளத்தில் `Asia/Colombo` என்பதன் கீழ் இவை வரிவரியாக உண்டு. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருப்பது அந்த நேரம் முடிந்த கணம்:

```
5:30  -  +0530  1996 May 25  0:00
6:30  -  +0630  1996 Oct 26  0:30
6:00  -  +06    2006 Apr 15  0:30
5:30  -  +0530
```

ஒரு தனியார் மருத்துவமனையின் பழைய பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினேன். 1999 யூலை 14, இரவு 11.45 என்று ஒரு பிறப்பு. ஐந்தரை மணித்தியாலம் கழித்து 18:15 யூடிசி என்று சேமித்தேன். திரையிலும் அதே ஐந்தரையைக் கூட்டியதால் 11.45 என்றே தெரிந்தது, பிழை மறைந்துபோனது. பிறகு ஒருவர் திரையை முறைப்படி `Asia/Colombo`வுக்கு மாற்றினார். பிறப்பு யூலை 15, 00:15 ஆகிவிட்டது.

"தம்பி, பிள்ளை பதினாலாம் திகதி பிறந்தவள். பஞ்சாங்கத்தில குறிச்சு வச்சிருக்கிறன்" என்றார் அந்த அம்மா.

நான் திரையைப் பழையபடி ஆக்கினேன். அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. பரிசோதனைக்கூடக் கருவிகள் சரியான யூடிசியில் எழுதியிருந்த அந்தக் காலத்துப் பதிவுகள் எல்லாம் அரை மணித்தியாலம் பின்னே போயின. திரையில் குற்றமில்லை, நான் சேமித்த எண்தான் பிழை, அது 17:45 ஆக இருந்திருக்க வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. திரையை `Asia/Colombo`வில் வைத்து, மாற்றிக் கொண்டுவந்த பதிவுகளில் தாளில் உள்ள நேரத்தையும் திரையையும் நான்கு ஆண்டுகளுக்கு ஒப்பிடுங்கள். 1995இல் வித்தியாசமில்லை, 1996 யூனில் ஒரு மணித்தியாலம், 2000இல் அரை, 2007இல் இல்லை என்று வந்தால் இதே பிழைதான். மாற்றிக் கொண்டுவந்த பதிவுகளை மட்டும் மறுபடி கணக்கிடுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள்.

`Asia/Kolkata`வைத் தெரிவுசெய்வது

இது இந்திய நேரம், அந்தக் காலத்திலும் +05:30தான். அதனால் மேலே சொன்ன 1996 முதல் 2006 வரையான பத்து வருடத்துக்கும் பிழை.

இரண்டு தரம் வந்த அரை மணித்தியாலம்

2006 ஏப்ரல் 15 அதிகாலை 12.30க்கு மணிக்கூடு திரும்ப 12.00க்கு வந்தது. வெறும் 12.10 என்று எழுதியிருந்தால் அது எந்த 12.10 என்று தரவுத்தளத்தால் சொல்ல முடியாது.

வன்னிப் பதிவுகளைக் கொழும்பு நேரமாக எடுப்பது

புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரமே ஓடியது. தரவுத்தளத்தில் இலங்கைக்கு ஒரே வலயம்தான். 2003இல் கிளிநொச்சியில் எழுதிய பதிவென்றால், எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.