சைக்காலஜி விண்ணப்பம்: மாமாவை விட்டுவிட்டு ஏடிஎம் வரிசையைப் பாருங்கள்

பிரிட்டனில் சைக்காலஜி படிக்க, அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூகாஸ் தளத்தில் தங்கை விண்ணப்பித்தாள். அதற்கு உதவியபோது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அந்தத் தளத்தில் கணக்குத் திறப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீண்ட கட்டுரையாக எழுதுவது இல்லை. மூன்று கேள்விகள், மொத்தம் 4000 எழுத்துகள். "ஏன் இந்தப் படிப்பு?" என்ற முதல் கேள்வியில்தான் நீங்கள் பார்த்த காட்சி வர வேண்டும்.

தங்கை எடுத்துக்கொண்ட காட்சி இது. சுங்கை சிப்புட், சம்பள நாள் மாலை. அடுத்தடுத்து இரண்டு ஏடிஎம். ஒன்றின் முன் ஏழெட்டுப் பேர், மற்றொன்று காலி. புதிதாக வருகிறவர்கள் காலி மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார்கள். ஒரு பாட்டி மட்டும் நேரே போய்க் கார்டைச் சொருகினார், பணம் வந்தது. உடனே வரிசையில் பாதிப் பேர் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள்.

இதை அன்றைக்கே சின்ன 555 குறிப்புப் புத்தகத்தில் குறித்துவிடுங்கள். கைப்பேசியில் எழுதினால் வாக்கியம் அழகாகிவிடுகிறது, விவரம் போய்விடுகிறது. பார்த்தார், நின்றார், நகர்ந்தார் என்று கண்ணுக்குத் தெரிந்தது மட்டும் போதும். "தயங்கினார்" என்பதே ஊகம்.

அடுத்து விளக்கம். ஒன்றோடு நிறுத்தாதீர்கள். டாய்ச், ஜெரார்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1955-இல் இரண்டு வகைத் தாக்கத்தைப் பிரித்துக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று நம்பிப் பின்பற்றுவது ஒன்று. தனித்துத் தெரிய வேண்டாமே என்று பின்பற்றுவது இன்னொன்று. எந்தக் கோடு சம நீளம் என்று கேட்டு, கூட்டத்தை வேண்டுமென்றே தவறாகச் சொல்ல வைத்த உளவியலாளர் ஆஷின் சோதனையில் பதிலைத் தனியாக எழுதச் சொன்னபோது கூட்டத்தோடு ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. அங்கே இரண்டாவது வகை பலமாக இருந்திருக்கிறது. நம் வரிசையோ பணம் வந்ததும் நகர்ந்தது; அது முதல் வகைக்குச் சாதகம். ஆனால் பாட்டி போன பிறகு யாரும் தனித்துத் தெரிய வேண்டியதும் இல்லையே! ஒரே மாலையை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதையும் எழுதுங்கள். வேறு எதைக் கவனித்தால் பிரித்தறியலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். "வேலை செய்கிறது" என்று மெஷினில் தாள் ஒட்டியிருந்தும் மக்கள் வரிசையிலேயே நின்றால்?

தங்கையின் முதல் வரைவு "என் மாமாவுக்கு ஓசிடி" என்று, அதாவது ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய் என்று தொடங்கியது. மாமா கடைப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். அது அவருடைய நேரத்தைத் தின்கிறதா, அவரை வாட்டுகிறதா என்று பயிற்சி பெற்றவர் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும். மாமாவும் சம்மதம் தரவில்லை. பேரை மறைத்தாலும் "என் மாமா" என்றால் அவர்தானே.

பின்சேர்க்கை: "அம்மாவின் டிப்ரெஷன்தான் என்னை இங்கே கொண்டுவந்தது, அக்கா, எழுதலாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மருத்துவரே சொன்னதாக இருந்தாலும் அது அம்மாவின் கதை, அவரிடம் கேளுங்கள். அப்புறமும் நோயை விட்டுவிட்டு, அதனால் உங்களுக்குள் எழுந்த கேள்வியை மட்டும் எழுதுங்கள்.

ஆதாரத்துக்குப் படம் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். ஏடிஎம் முன்னால் கைப்பேசியைத் தூக்கினால் முதலில் வருவது காவலாளிதான்.