பணம் எப்போது இரட்டிப்பாகும்? 72-ஐ வைத்து ஒரு மனக்கணக்கு

கிசான் விகாஸ் பத்திரத்துக்கு 2023 ஏப்ரலில் வட்டியை 7.5 சதவீதமாக உயர்த்தினார்கள். போட்ட பணம் 115 மாதங்களில் இரட்டிப்பாகும் என்று அப்போது அறிவிப்பு வந்தது. இந்த 115 எப்படி வந்தது என்று நாமே போட்டுப் பார்க்கலாம்.

படி 1: ஆண்டு வட்டி வீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 7.5. அதை 0.075 என்று மாற்ற வேண்டாம்.

படி 2: 72-ஐ அதனால் வகுங்கள்.

```
72 ÷ 7.5 = 9.6 ஆண்டுகள்
9.6 × 12 = 115.2 மாதங்கள்
```

அவ்வளவுதான் கணக்கு. மடக்கைப் பட்டியலை வைத்துத் துல்லியமாகப் போட்டாலும் 115 மாதம்தான் வரும்.

படி 3: வட்டி எந்த வகை என்று பாருங்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். வட்டிக்கும் வட்டி சேர்ந்தால், அதாவது கூட்டு வட்டியாக இருந்தால் மட்டுமே 72 செல்லும். ஊரில் 'ரெண்டு வட்டி' என்பார்களே, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதை மாதாமாதம் கையில் வாங்கிவிட்டால் அது தனி வட்டி. அப்போது 100-ஐத்தான் 2-ஆல் வகுக்க வேண்டும்: அசலுக்குச் சமமான வட்டி வர 50 மாதம். வாங்காமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் 72 ÷ 2, அதாவது 36 மாதம். கடன் வாங்கியவர் வட்டி கட்டாமல் விட்டால் பாக்கி மூன்றே வருடத்தில் இரண்டு மடங்காகிவிடும். மாத வீதத்தைப் போட்டால் விடையும் மாதத்தில்தான் வரும் என்பதையும் கவனியுங்கள்.

படி 4: வீதம் எவ்வளவு என்று பார்த்து விடையை நம்புங்கள். 8 சதவீதத்தை ஒட்டி இந்த விதி அச்சாகப் பொருந்தும். 2 சதவீதத்தில் 36 என்று சொல்லும், உண்மையில் 35. 24 சதவீதத்தில் 3 ஆண்டு என்று சொல்லும், உண்மையில் 3.2.

இதையே மக்கள்தொகைக்கும் போடலாம். 1971 கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 54.8 கோடிப் பேர். அடுத்த பத்தாண்டில் 24.7 சதவீதம் கூடியது. இதைப் பத்தால் வகுத்து 2.47 என்று எடுத்தால் 29 ஆண்டு வரும், அது தவறு. பிறந்த குழந்தைகளும் வளர்ந்து பெற்றோர் ஆவதால் இதுவும் கூட்டு வட்டி போலத்தான் பெருகும். ஆண்டு வீதம் 2.2தான். 72 ÷ 2.2 என்றால் ஏறக்குறைய 33 ஆண்டு, அதாவது 2004. 2001-இல் மக்கள்தொகை 102.9 கோடி, 2011-இல் 121 கோடி. இரட்டிப்பான 109.6 கோடியை நாடு 2005 வாக்கில்தான் தாண்டியிருக்கும்.

கொஞ்சம் தள்ளிப்போனதற்குக் காரணம், இடையில் வளர்ச்சி வீதம் குறைந்ததுதான். 2001-2011-இல் அது 1.6 சதவீதம். அதைப் போட்டால் 45 ஆண்டு என்று விடை வரும். வீதம் தொடர்ந்து இறங்கிவருவதால் 2056-இல் 242 கோடி என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.